கிரேஸ் அக்காவின் கைநாட்டும் என் கையெழுத்தும்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற சேதி இது. கிரேஸ் அக்காவுக்குப் படிக்கத் தெரியுமாம். இத்தனை வருடமாகக் கைநாட்டு வைத்து ஊரையே ஏமாற்றிவிட்டதாம். ஹெட்மாஸ்டர் முன்னால் இங்கிலீஷ் படிவத்தைக் கடகடவென்று படித்துத் தப்பு கண்டுபிடித்ததாம். டீக்கடை கோபால் இதற்கு மேல் ஒரு மாடி கட்டினான். ஆந்திராவில், தடா பக்கம் பத்தாவது வரை படித்த பொம்பளையாம், காதல் விவகாரத்தில் சர்டிபிகேட்டைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓடி வந்ததாம். அந்த மாடிக்கு நானும் இரண்டு செங்கல் எடுத்துக் கொடுத்தேன், மறைப்பானேன்.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் என்றாலும் படிவம் நிரப்பித் தருவேன், சாட்சிக் கையெழுத்தும் போடுவேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு டீ. அக்காவின் விவகாரமும் அப்படி ஒரு டீயில்தான் தொடங்கியது.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்கிற மில்லில், காண்டிராக்டில் யார்டு வேலை. துண்டு இரும்பு பொறுக்குவது, இரும்புக் கட்டையைப் பிரித்து அடுக்குவது, பெருக்குவது. புருஷன் ஜெரால்ட் இறந்து போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த மாதக் கடைசியோடு கேட் பாஸ் கிடையாது, வயசாகிவிட்டது என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். அக்கா அழவில்லை. மாவுக்கடை போடப் போகிறேன் என்றது. வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகளில்கூட இப்போது இட்லி வேகிறது. கவரைப்பேட்டையில் ஒருத்தர் பெரிய கிரைண்டரை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். அக்கா அதற்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் மீதிப் பணம் வராவிட்டால் கிரைண்டர் வேறு ஆளுக்கு, அட்வான்ஸும் திரும்பாது.

மீதிப் பணம் இன்சூரன்ஸிலிருந்து வரவேண்டும். பதினைந்து வருடம் முன்னால் ஏஜெண்ட் துளசிராமன் போட்டுக் கொடுத்த பாலிசி, முடிந்துவிட்டது. அன்றைக்கும் கைநாட்டுதான்.

முதிர்வுப் படிவத்தைத் துளசிராமனே நிரப்பி, பாஸ்புக் ஜெராக்ஸ் ஒன்றையும் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். “நான் ஏஜெண்ட், நான் சாட்சி போடக் கூடாது. வெளி ஆள்கிட்ட போட்டுக்கோம்மா” என்று அனுப்பிவிட்டார். வெளி ஆள் என்றால் இந்த ஊரில் நான்தானே.

கைரேகை வைக்கிற இடம் மட்டும் தெரியும்படி படிவத்தை மடித்து நீட்டினேன். அதற்கு முன்னாலேயே சாட்சி இடத்தில் மணவாளன் என்று கிறுக்கி, கடை சீலும் குத்தியாகிவிட்டது.

“மணவாளா, உன் கையெழுத்துக்கு மேல நாலு வரி கீதே, இன்னா போட்டுக்கீது?”

“அது வழக்கமா போடறதுக்கா. நீ விரல வை.”

“வழக்கமானா இன்னா?”

“படிவத்துல இருக்கறத தமிழ்ல படிச்சுச் சொன்னேன், இவங்க புரிஞ்சிக்கினு கைரேகை வச்சாங்கன்னு.”

அக்கா மையில் தொட்ட விரலை அந்தரத்தில் நிறுத்தியது. “நீ இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

“உனக்குச் சொல்லி, நீ புரிஞ்சிக்கினு, அதுக்குள்ள ஆபீஸ் மூடிடுவான். வைக்கா.”

வைத்தது. அவசரத்தில் அந்த ரேகை வாழைப்பழத்தை நசுக்கின மாதிரி அப்பிக்கொண்டது.

கவுண்டரில் கல்பனா மேடம். படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மரியாதையாகச் சிரித்தேன்.

“கையெழுத்து போடறவங்களுக்கு யார் வேணாலும் சாட்சி நிக்கலாம், மணவாளன். கைநாட்டுன்னா அப்படி இல்ல. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர், கெஜட்டட் ஆபீசர், இப்படி ஒருத்தர் படிச்சுச் சொல்லி, சீல் வச்சுத் தரணும். உங்க கடை சீல் செல்லாது.”

“மேடம், அக்காவ எனக்கு இருவது வருஷமா தெரியும்.”

“உங்களையும் எனக்கு நல்லா தெரியும்” என்று புதுப் படிவம் கொடுத்தார். “ரேகையும் தெளிவா இல்ல. ஆளையும் படிவத்தையும் சேர்த்துப் பார்த்து ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். நாளைக்கு வேற எவனாவது விரல வச்சுப் பணத்த வாங்கிக்கினு போயிட்டா இந்த அம்மா யாரைக் கேப்பாங்க?”

அக்காவுக்கு அரைநாள் கூலி போயிற்று. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கடையைப் பூட்டிவிட்டு, துளசிராமன் எழுதியதைப் பார்த்து அப்படியே புதுப் படிவத்தில் இறக்கி, அக்காவை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன்.

ஹெட்மாஸ்டர் எபினேசர் நிதானமான ஆள். பிரேயரில் திருக்குறள் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டு பேர் மயங்கி விழுவார்கள் என்று பெயர். அக்காவின் மகள் ஸ்நேகா அங்கேதான் படித்தது, அதனால் அக்காவை அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலி போடச் சொன்னார். ஆபீஸ் உதவியாளர் அந்தோணி நாற்காலியைப் போட்டுவிட்டு, போகாமல் பீரோவைத் துடைக்க ஆரம்பித்தார்.

சார் ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் தனக்குள் படித்து, தமிழில் உரக்கச் சொன்னார். பாலிசி நம்பர் இது, முடிந்த தேதி இது, தொகை இது. இந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் இந்தப் பாலிசியில் கம்பெனி உனக்குத் தரவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை என்று அர்த்தம், சரியாம்மா? அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது.

“பேங்க் அக்கவுண்ட் விவரம் போட்டிருக்கு” என்று சார் அடுத்த வரிக்குத் தாவினார்.

அக்கா எட்டிப் பார்த்தது. “சார், அது என்துது இல்ல.”

“எதும்மா?”

“அந்த நம்பரு. கடைசில நாலு நாலு ஒண்ணு ஏழுன்னு கீது. என்துது சைபர் ஒம்போது எட்டு ரெண்டு.”

பீரோ துடைப்பது நின்றது. எழுதியது நான்.

அக்கா பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து மேஜையில் வைத்தது. சைபர், ஒன்பது, எட்டு, இரண்டு. துளசிராமன் வைத்திருந்தது பழைய ஜெராக்ஸ். முந்தின காண்டிராக்டர் சம்பளத்துக்காகத் திறந்து கொடுத்த கணக்கு அது, மூடி மூன்று வருடமாகிறது. பணம் அங்கே போயிருந்தால் ஏறாமல் திரும்பியிருக்கும். மறுபடி மனு, மறுபடி அலைச்சல். கிரைண்டர் அதற்குள் வேறு யார் வீட்டிலோ மாவு அரைத்துக்கொண்டிருக்கும்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் சார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“கிரேஸம்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“இப்போ படிச்சீங்களே.”

“அது நம்பரு சார்.”

“இந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் படிச்சுச் சொன்னேன்னு எழுதி சீல் வைக்கப் போறவன் நான். தெரிஞ்சவங்களுக்குத் தெரியாதுன்னு எழுதினா அது பொய்ச் சாட்சி. எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு.”

அக்காவின் முகம் சுருங்கியது. இருந்த ஒரே சாட்சியும் கை நழுவுகிறதே என்ற பயம் அதில் தெரிந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “அதான சார், ஒருவேளை நைட் ஸ்கூலுக்குப் போச்சோ இன்னாவோ” என்று பல்லைக் காட்டினேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் பல் உள்ளே போய்விட்டது.

“சார், யார்டுல இரும்புக் கட்டை மேல பெயிண்டுல நம்பரு போட்டிருப்பாங்க. ஒரு நம்பரு கட்டைய இன்னொரு நம்பரோட கலந்துட்டா அன்னிக்குக் கூலி கட். பதினேழு வருஷமா பிரிச்சு அடுக்கறேன். பஸ்ஸு நம்பரு தெரியும், போன் நம்பரு தெரியும். எழுத்து வராது சார். ஸ்நேகா கத்துக்குடுக்கறேன்னு ரெண்டு நாள் உக்காந்தா, எனக்குத் தூக்கம்தான் வந்துது.”

சார் மேஜைமேல் கிடந்த பேப்பரை எடுத்து விரித்தார். “இது என்ன எழுதியிருக்கு?”

அக்கா தலைப்பையே வெகுநேரம் பார்த்தது. “தெரியாது சார். மேல கீறது தேதி, பதினாலு. ஓரத்துல மூணு போட்டுக்கீது, அது பக்கமா?”

“பக்கம்தான்” என்றார் சார். பேப்பரை மடித்தார். “எண் தெரியறது வேற, எழுதப் படிக்கத் தெரியறது வேற. அந்த வரிய நான் படிக்காம தாண்டினது என் தப்பு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மணவாளன், அடிச்சுத் திருத்தினா சந்தேகம் வரும். புதுப் படிவம் வாங்கிட்டு வாங்க.”

வாங்கி வந்தேன். “மூணாவதா?” என்றார் கல்பனா மேடம். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

இந்த முறை பாஸ்புக்கைப் பார்த்து எழுதினேன், சார் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். புது ஜெராக்ஸ் வைத்தோம். சார் முதலிலிருந்து படித்தார். முடித்ததும், “இப்போ நீங்க சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?” என்று அக்காவைக் கேட்டார். அக்கா சொன்னது, தொகையில் ஆரம்பித்து கடைசி நாலு எண் வரை. “இதுக்கப்புறம் இந்தப் பாலிசிக்குன்னு வந்து நிக்கக் கூடாது, அதானே சார்?”

“அதேதான்.”

மில் வேலையில் விரலெல்லாம் வெடிப்பு. சார் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். பாலிசி எடுத்தபோது வைத்த அதே கைப் பெருவிரல். மையை லேசாகத் தொட்டு, அழுத்தாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி எடுத்தது அக்கா. கோடு கோடாக விழுந்தது. பக்கத்தில் இது கிரேஸின் கைரேகை என்று சார் எழுதினார், கீழே தன் பெயர், பதவி, பள்ளி முகவரி, கையெழுத்து, சீல். ஊதி ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

மேடம் வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் நாள் பணம் ஏறியது. கேட் பாஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிரைண்டர் வந்து இறங்கியது. இறக்கின நாலு பேரில் நான் ஒருத்தன், இன்னும் இடுப்பு வலிக்கிறது.

பீரோ துடைத்த அந்தோணி மட்டும் அன்று சாயங்காலமே கோபால் கடைக்குப் போய்விட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் மாவு வாங்கப் போனபோது, சும்மா இருக்க முடியாமல் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

“அக்கா, நீ தடாவுல பத்தாவது பாஸாமே. பஜார் பூரா பேச்சு.”

அக்கா பாக்கெட்டைக் கட்டி என் கையில் திணித்தது. சிரிக்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது, மணவாளா. நம்பரு மட்டும்தான் தெரியும். படிக்கத் தெரிஞ்சவன் நீ. நீதான் படிக்காம கையெழுத்து போட்ட. போய் பஜார்ல அத சொல்லு.”