தடையில்லாமல் இறங்கிய நூல்

எண்பதுகளின் நடுவில், எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஸ்ரீபெரும்புதூரில் வாரம் ஒருநாள் கிளினிக் நடத்தியது. நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். அன்று ஆறு மாணவர்களுக்கு, பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் அடைப்பைச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

நாற்காலியில் சேரப்பணஞ்சேரிப் பள்ளி ஆசிரியை. மேல் வரிசையில் இரண்டு முன்கடைவாய்ப் பற்கள் நெருக்கிக்கொண்டிருக்க, முதலாவதின் பின்பக்கத்தில் சொத்தை. வெள்ளி அடைப்பு வேண்டவே வேண்டாம் என்றார். "புள்ளைங்க என் வாயையே பாத்துக்கினு இருக்கும் டாக்டரம்மா."

சொத்தையைச் சுரண்டி, பல்லைச் சுற்றி மெல்லிய உலோகப் பட்டையை இறுக்கி, ஈறோரம் ஒரு மர ஆப்பைச் செருகினேன். காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக வைத்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. மாணவர்கள் தலையாட்டினார்கள்.

பட்டையை எடுத்துவிட்டு, பற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்க்க இடையே நூலை விட்டேன். தடையே இல்லாமல் இறங்கியது.

அப்படியென்றால் இரு பற்களும் தொடவில்லை. சாப்பிடும்போதெல்லாம் சோறு அங்கே சிக்கும், ஈறு வீங்கும். மாணவர்களுக்கு அது தெரிந்திருக்காது. வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

"முடிஞ்சிச்சாம்மா?" என்றார் ஆசிரியை.

"இல்லீங்க. சரியா வரல. எடுத்துட்டு மறுபடி போடணும்."

ஒரு மாணவி மெதுவாக, "எங்க தப்பாச்சு மேடம்?" என்றாள்.

"பட்டையை ரொம்ப இறுக்கிட்டேன், அது தட்டையாயிடுச்சு. ஆப்பும் சின்னது. வெள்ளியை அழுத்தி அடைச்சா பட்டையைத் தள்ளும். இது மெத்துன்னு இருக்கும், தள்ளாது. பட்டை முதல்லயே பக்கத்துப் பல்லைத் தொட்டுக்கிட்டு இருக்கணும்."

அடைப்பைக் கடைந்து எடுத்தேன். புதிய பட்டை, பெரிய ஆப்பு. உள்ளே அண்ணத்தின் பக்கமிருந்து அழுத்திச் செருகினேன். பட்டையின் தடிமனை ஈடுகட்டும் அளவுக்குப் பற்கள் சற்று விலக வேண்டும். அப்போது ஈறோரம் ஒரு துளி ரத்தம். ரத்தம் பட்டால் அடைப்பு ஒட்டாது. பஞ்சை வைத்து அழுத்திக் காத்திருந்தேன். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

ரத்தம் நின்றதும் பட்டையின் திருகைக் கால் சுற்று தளர்த்தி, உருண்டை முனைக் கருவியால் பக்கத்துப் பல்லோடு படியும்படி தேய்த்தேன். அடைப்பு ஒட்டுவதற்காக மறுபடி அமிலம் தடவிக் கழுவி உலர்த்தி, பசையும் இட்டேன். முதல் அடுக்கு இறுகும்வரை பட்டையை அந்தப் பல்லின் மேல் அழுத்திப் பிடித்திருந்தேன். மாணவி ஒளிக்கருவியை நாற்பது விநாடி பிடித்திருந்தாள்.

மிச்ச அடுக்குகளையும் முடித்து, ஆப்பையும் பட்டையையும் எடுத்துவிட்டு நூலை விட்டேன். நின்றது. கொஞ்சம் அழுத்தியதும் 'டிக்' என்று இறங்கியது. இழை பிரியாமல் வெளியே வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியை தன் தங்கையோடு வந்தார்.

"கறி தின்னாக்கூட அங்க மாட்டறதில்ல" என்றவர் தங்கையிடம் திரும்பினார். "இவங்க கிட்டயே காட்டு. தப்பாயிட்டா வாய்விட்டுச் சொல்லிடுவாங்க."