கந்தக வாடையும் ஒரே ஒரு கேள்வியும்

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எங்களில் ஆறு பேரைக் கடலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைக்கு அனுப்பினார்கள். கரும்பு அரவை இன்னும் முடியாத நேரம். ரயில் கரி அப்பிய சட்டைக் காலரோடு ஆலை வாசலில் போய் நின்றோம்.

பயிற்சிக்கு வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஆபீசர் ஓடி வந்தார். நான் முன்னால் நின்ற பாவத்துக்கு என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனார்.

"தம்பி, சீஃப் இன்ஜினியர் இப்ப பேசுவாரு. கேள்வி கேளு, கேள்வி கேளும்பாரு. போன வருஷம் வந்தவங்க ஒருத்தனும் வாய தொறக்கல. பசங்கள நான் பயமுறுத்தி வெச்சிருக்கேன்னு எம்மேல பாஞ்சுட்டாரு. இந்த வருஷமும் அப்படின்னா என்னைக் கரும்பு வண்டி எடை போடற எடத்துக்கு மாத்திடுவேன்னு சொல்லியிருக்காரு. அந்த வெயில்ல நான் செத்தேன். நீ ஒண்ணே ஒண்ணு கேளு. கரும்புச் சாத்துல சுண்ணாம்பு எதுக்குன்னு கேட்டுடு, போதும்."

பாவமாக இருந்தது. சரி என்றேன். ஆனால் எங்கள் கல்லூரியில் ஒருவனுக்குப் பரீட்சைக் கேள்வி முன்கூட்டித் தெரிந்தால் அது விடுதிக்கே தெரிந்தாக வேண்டும். மறைத்தவனோடு யாரும் பேசமாட்டார்கள். பழக்க தோஷம், படியேறுவதற்குள் ஐந்து பேர் காதிலும் போட்டுவிட்டேன்.

சீஃப் இன்ஜினியர் ஒல்லியான மனிதர். மேசைமேல் பாதி உட்கார்ந்தபடி பேசினார்.

"இங்க முட்டாள்தனமான கேள்வின்னு ஒண்ணும் கெடையாது. பாக்கறதையெல்லாம் கேளுங்க. சீக்கிரம் கத்துக்க வேற வழி இல்ல. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நானும் அப்படித்தான் சொல்லுவேன். எங்க, யாருக்கு என்ன கேக்கணும்?"

ஆறு கைகளும் உயர்ந்தன. ஓரத்தில் நின்ற ஆபீசர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

முதல் நண்பன் சுண்ணாம்பைக் கேட்டான். சீஃபுக்கு ஒரே குஷி. சாற்றில் புளிப்பு இருக்கிறது, அப்படியே சூடாக்கினால் சர்க்கரை சிதைந்து போகும், சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிக்கும், அழுக்கையும் சேர்த்துக்கொண்டு அடியில் படியும் என்று விஸ்தாரமாகச் சொன்னார். "அடுத்து நீ."

"சார், அந்த சுண்ணாம்பு... எதுக்காக சார் போடறோம்?"

சீஃப் பொறுமையாக இன்னொரு தடவை சொன்னார். மூன்றாமவன் எழுந்தான். "சாறுன்னு பாத்தா சார், அதுல சுண்ணாம்புன்றது..." என்று இழுத்தான். உயர்த்திய கையை யாருக்கும் இறக்கத் தெரியவில்லை. அறிவுக்களஞ்சியங்கள்.

சீஃப் மெதுவாகத் திரும்பி ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் எடைமேடைக்குப் போவது என் வாயால்தான் என்று ஆகிவிடும். எதையாவது கேட்டே ஆகவேண்டும் என்று எழுந்தேன்.

"சார், உள்ள வர்றப்ப தீபாவளி வெடி வாடை அடிச்சுதே. சர்க்கரை ஆலைல கந்தகம் எதுக்கு?"

சீஃப் மேசையிலிருந்து இறங்கிவிட்டார்.

"இதைத்தான்யா கேக்கணும். கந்தகத்த எரிச்சு அந்தப் புகைய சாத்துல விடறோம். ஜாஸ்தியா போட்ட சுண்ணாம்ப அது சரிக்கட்டும். சாறும் வெளுக்கும். இல்லன்னா சர்க்கரை பழுப்பா வரும்." ஆபீசர் பக்கம் திரும்பினார். "இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல சார்."

"உங்களுக்குத் தெரியுமா இது?"

ஆபீசர் தலையைச் சொறிந்தார். "எறும்பு வராம இருக்கத்தான் கொளுத்தறாங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன் சார்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. சீஃப் சிரிக்கவில்லை. "நீங்களும் இவங்களோட வாங்க" என்று எல்லோரையும் ஆலைக்குள் கூட்டிப் போனார்.

கந்தகம் எரியும் உலையருகே எங்களுக்கு இருமல் பிடுங்கியது. ஆபீசர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? குடோன்ல எறும்பு மொய்க்குது. இங்க இவ்ளோ சாறு சிந்திக் கெடக்கு, ஒண்ணக்கூடக் காணோமே. அது ஏன்?"

சீஃப் தரையைப் பார்த்தார், உலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலய்யா" என்றார். பிறகு, "நீங்க சொன்னதும் சரியா இருக்கலாம். பாத்துச் சொல்றேன்."

எடைமேடைப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை. வெளியே வரும்போது ஆபீசர் என் தோளைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, கந்தகத்தினால் இருக்கலாம்.

"தம்பி," என்றார் ரகசியமாக, "இது நானே கேட்டது."