அறுபதால் வகுக்கும் அம்மையார்

துறைமுக வயர்லெஸ் அறையில் அவளுக்கு 'அறுபது' என்று பெயர். வயது ஐம்பதுதான். கடலிலிருந்து வருகிற டிகிரி, நிமிடம், விநாடியை அப்படியே வரைபடத்தின் தேடல் பெட்டியில் அடிக்கிறவனைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நிமிஷத்தை அறுபதால வகு. விநாடியை மூவாயிரத்து அறுநூறால வகு. ரெண்டையும் டிகிரியோட கூட்டு. நடுவுல புள்ளி வச்சு ஒட்டுறதுக்கு இதென்ன கோலமா?"

அதிகம் திட்டு வாங்கியவர் மேலதிகாரிதான். பாவம், மனிதர் அந்தத் திட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அவளுக்கோ எல்லாம் மனக்கணக்கு. அந்தத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு மதியம் வயர்லெஸ்ஸில் அவள் புருஷன் குரல். மீன் பிடிக்கப் போன படகில் அடிப்பலகை விட்டுத் தண்ணீர் ஏறுகிறதாம்.

"அட்சரேகை ஏழு டிகிரி, நாப்பத்திரெண்டு நிமிஷம், முப்பத்தாறு விநாடி. குறிச்சுக்கிட்டியா? முட்டிவரைக்கும் தண்ணிடி!"

தீர்க்கரேகையையும் சொன்னான். அவள் அவசர அவசரமாகப் பெட்டியில் அடித்தாள், குறி நடுக்கடலில் விழுந்தது. அதை மீட்புப் படகுக்கு அனுப்பினாள். படகு கிளம்பிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

மேலதிகாரி வழக்கம்போல் காகிதத்தை எடுத்தார். நாற்பத்திரண்டை அறுபதால் வகுத்தால் புள்ளி ஏழு. முப்பத்தாறை மூவாயிரத்து அறுநூறால் வகுத்தால் புள்ளி பூஜ்யம் ஒன்று. ஆக, ஏழு புள்ளி ஏழு ஒன்று. திரையைப் பார்த்தார். அங்கே 7.4236 இருந்தது. தீர்க்கரேகையிலும் அதே கூத்து.

"மேடம்... வகுக்கவே இல்லையே நீங்க."

அவள் திரையைப் பார்த்தாள். முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, ஆளே இல்லாத தண்ணீருக்குப் படகை அனுப்பியிருக்கிறாள். அவர்தான் தீர்க்கரேகையையும் வகுத்து, சரியான எண்களை அடித்து, மீட்புப் படகைத் திருப்பினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, மீட்புப் படகின் வயர்லெஸ்ஸில் புருஷன் பேசினான். பல் தந்தியடித்தது.

"என்னடி இவ்வளவு நேரம்? கழுத்துவரைக்கும் வந்துருச்சு. படகுக்காரனுங்க வழியில தூங்குனானுங்களா?"

அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேலதிகாரி மட்டும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் சொல்லித்தொலைக்காமல் விட்டிருக்கலாம், புருஷனுக்குத் தெரிந்திருக்காது.

"அவங்க மேல தப்பில்ல. நான்தான் வகுக்காம அடிச்சிட்டேன்."



"இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவையா உன் தப்பை ஒத்துக்கிட்டே," என்றான் அவன். "இன்னொரு தரம் சொல்றியா? இல்ல, மறுபடி முங்கணுமா?"

"முங்கித்தான் பாருய்யா," என்று கத்திவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள்.