கொம்பு பின்னால் போன பெயர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தமிழில் எது வந்தாலும், அது கல்யாணப் பத்திரிகையோ ஆபீஸ் மின்னஞ்சலோ, முதலில் நான் படிப்பதில்லை. எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் கண் ஓடும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மேடைத் திரையைப் பார்த்து "ஐயோ, கொம்பு!" என்று நான் கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் மாட்டைத் தேடியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் வேலை. நாட்டின் நான்கு மொழிகளிலும் அறிவிப்பு தயாரித்துக் கொடுக்கும் ஆபீஸ். நான் தமிழ்ப் பக்கம். நான் மொழிபெயர்க்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு அரை நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் எழுத்தைத் துரத்துவதுதான் பிழைப்பு. கிராஞ்சியில் தங்கும் தொழிலாளர்களுக்கு ஓர் அறிவிப்பு என்றால், நான் அனுப்பும்போது சரியாக இருக்கும். வடிவமைப்பவர் அதைத் தன் மென்பொருளில் ஒட்டியதும் சிதறும். கணினிக்குள் 'கெ' என்பது முதலில் க, அதற்குப் பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னால் தொங்கவிட்டு, கூடவே ஒரு புள்ளி வட்டத்தையும் ஒட்டிவைக்கும். "லுக்ஸ் தமிழ் வாட்", பார்க்கத் தமிழ் மாதிரிதானே இருக்கிறது, என்பார் வடிவமைப்பவர். அடப்பாவி, உனக்கு எது வளைந்திருந்தாலும் தமிழ்தான்!

இதனால் என் பையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஒன்று புதுசு, ஒன்று அரதப் பழசு. எதையும் இரண்டிலும் திறந்து பார்க்காமல் நான் "ஓகே" சொன்னதில்லை. இப்படிப்பட்டவள் வீட்டிலேயே அது நடந்தது, அதுவும் அம்மா விஷயத்தில்.

அம்மா போனபோது, அஸ்தியைக் கடலில் கரைக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் சனம் பெரும்பாலும் கடலுக்குத்தான் கொண்டுபோகும். "அவளுக்குக் கடல்னாலே பயம்" என்றார், அதோடு பேச்சு முடிந்தது. அஸ்தி மாடத்தில் ஓர் இடம் எடுத்தோம். அதை மூடுகிற பளிங்குக் கல்லில் அம்மாவின் பெயரைப் பொறிக்க வேண்டும். அடக்கிவைக்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கல் கையில் இருக்க வேண்டும்.

அம்மா பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கொம்பில் தொடங்கும் பெயர், நடுவிலும் ஓர் இரட்டைக்கொம்பு, அவ்வளவு போதும். ஆபத்து எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து, பெயரை அழகான எழுத்துருவில் வைத்து, எழுத்துகளை எல்லாம் வெறும் கோடுகளாக மாற்றினேன். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறது, எது இல்லை என்ற கவலையே கிடையாது. அது எழுத்தே இல்லை, படம் வரைந்தது மாதிரி. எங்கே திறந்தாலும் அப்படியே நிற்கும். அந்தக் கோப்பைத் தம்பிக்கு அனுப்பி, கல் வெட்டும் கடைக்கு இதை மட்டும் அனுப்பு என்றேன். கடை தெம்பனிஸில், அவன் வீட்டுப் பக்கம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, தம்பி குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டான். கல்லை வெட்டுவதற்கு முன் கடை அனுப்பிய மாதிரிப் படம். அதற்கு மேலே அவனே பெயரைத் தட்டச்சு செய்து, "ஓகே வா? கடைக்கு கன்ஃபர்ம் பண்ணிட்டேன்" என்று எழுதியிருந்தான். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. கும்பிட்ட கைகள் வந்தன. மேலே தட்டச்சு செய்த பெயர் எல்லார் போனிலும் ஒழுங்காகத்தான் தெரிந்தது. கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவர்கூடக் கீழே இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். போனையே பார்க்கவில்லை. மத்தியானம் வெளியே வந்தபோது அத்தனை கட்டைவிரலுக்கும் கீழே அப்பாவின் குரல் பதிவு ஒன்று இருந்தது. இரண்டே வார்த்தை. "அவ இல்ல."

அதற்கும் கீழே தம்பி எழுதியிருந்தான்: "அப்பா, ப்ளீஸ் லா."

படத்தைப் பெரிதாக்கினேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முதல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. நடுவில் புள்ளி வட்டம். அம்மாவை யாரோ தலைகீழாகத் தூக்கி நிறுத்தினாற்போல் இருந்தது. தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"நான் அனுப்புன ஃபைலு எங்கடா?"

"அது என் போன்ல திறக்கலக்கா. அதான் உன் மெசேஜ்ல இருந்த பேர காப்பி பண்ணி ஈமெயில்ல போட்டுட்டேன். சேம் வாட்?"

"சேமா? படத்தப் பாத்தியா நீ?"

"பாத்தேன்லா. தமிழாத்தான் இருந்துச்சு."

வடிவமைப்பவரிடம் கேட்டு அலுத்த பதில், கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வந்தது. "உன் பேர இப்படி எழுதுனா சும்மா இருப்பியா?" என்று கத்தினேன். லிஃப்ட் வாசலில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு, "அப்பா வேணும்னே தள்ளிப் போடுறாருன்னு நினைச்சேன்க்கா. கல்லு வச்சுட்டா முடிஞ்சுரும்ல, அதான்னு" என்றான். அவன் குரல் உடைந்ததும் எனக்கு மேலே திட்ட வரவில்லை.

கடைக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எந்திரம் ஓடும் இடத்தில் போன் எங்கே கேட்கும். தேக்காவில் அப்பா இருக்கும் வீட்டுக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. கோப்பைக் கடை மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு முறையும் அனுப்பிவிட்டு ரயிலேறினேன். தெம்பனிஸ் அன்றைக்கு எங்கோ மலேசியாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதற்குள் உயிர் போய் வந்தது. எதிரே ஒரு பிள்ளை நிம்மதியாக வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் மேலும் கோபம் வந்தது. காகிதத்தில் தப்பு என்றால் கிழித்துப் போடலாம். மின்னஞ்சல் என்றால் மன்னிக்கவும் என்று இன்னொன்று அனுப்பலாம். கல்லில் வெட்டியதை என்ன செய்ய?

கடை ஒரு தொழிற்பேட்டையின் கீழ்த்தளத்தில். உள்ளே ஓடினேன், அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா அங்கே இருந்தார். எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கல் எந்திரத்தின் மேல் கிடந்தது, அதன் மேல் அப்பாவின் உள்ளங்கை. கடைக்காரர், தலை நரைத்த சீன அங்கிள், கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். கல் இன்னும் ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"எப்படிப்பா வந்தீங்க?"

"பஸ்லதான். வேற எப்படி?"

அங்கிளும் அப்பாவும் அந்தக் காலத்துச் சந்தை மலாயில் பேசியிருக்கிறார்கள். அங்கிள் என்னிடம் ஆங்கிலத்தில் முறையிட்டார். உன் அப்பா வந்ததிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்கிறார், "புக்கான் தியா, புக்கான் தியா" என்று மட்டும் சொல்கிறார். அது அவ இல்லை, அது அவ இல்லை.

நான் மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னேன். அவருடைய வெட்டும் மென்பொருள் என் பையில் இருக்கும் பழைய போனைவிடப் பழசு. அதில் பெயரைத் தட்டச்சு செய்தாலும் உடைந்தது, எழுத்துருவை மாற்றினாலும் உடைந்தது. என் கோப்பைத் திறந்தார். திரையில் அம்மா நேராக நின்றாள். கொம்பு முன்னால், வட்டம் கிட்டம் எதுவும் இல்லை. கோடு மெலிசாக இருக்கிறது, கல்லில் எடுக்காது என்றார் அங்கிள். கொஞ்சம் தடிப்பாக்கினோம். எழுத்தாக இருந்திருந்தால் வேறு எழுத்துருவுக்கு மாற்றப்போய் மறுபடி உடைத்திருப்பார். கோடாக இருந்ததால் தப்பித்தோம்.

"ஓகே, வெட்டுங்க" என்றேன்.

அங்கிள் தலையாட்டவில்லை. மாதிரியைத் தாளில் அச்சடித்தார். "எனக்கு இந்த எழுத்து தெரியாது" என்றார். "தெரியாத மொழி என்றால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் விரல் வைத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் கூடவே பார்ப்பேன். உன் தம்பி அவசரம், ஈமெயில் போதும் என்றான், நானும் சரி என்றேன். அதுதான் தப்பு. இப்போது படியுங்கள்."

நான் தாளை வாங்கினேன். அவர் அதை என் கையிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "ஆர்டர் அவர் பேரில்தான் இருக்கிறது. அவர்தான் படிக்கணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தா"தான். கோபம் வந்தால் "ஏய்", பாசம் வந்தால் "ஏம்மா". ஆஸ்பத்திரியில் தாதி பெயரைக் கேட்டபோதுகூட அடையாள அட்டையைத்தான் நீட்டினார். அங்கிளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "நான் படிக்கிறேனே, அங்கிள்" என்றேன். அங்கிள் அசையவில்லை.

அப்பா கல்லிலிருந்து கையை எடுத்தார். தாளைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டார். விரலை முதல் கொம்பில் வைத்தார். முதல் எழுத்தைச் சொன்னார். நிறுத்தினார். அடுத்தது. அடுத்தது. அங்கிளின் விரலும் திரையில் கூடவே நகர்ந்தது. கடைசி எழுத்து வந்ததும் அங்கிள் "ஓகே?" என்றார்.

"இருங்க" என்றார் அப்பா, தமிழில். பிறகு பெயரை முழுசாகச் சொன்னார், ஒரே மூச்சில், அடுப்படியில் இருப்பவளைக் கூப்பிடுகிற சத்தத்தில்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அப்பா கையெழுத்துப் போட்டார். எந்திரம் ஓட ஆரம்பித்ததும் வெள்ளைத் தூள் பறந்தது, நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பா முகத்தைப் பார்க்காமல், "சாரிப்பா" என்றான். அப்பா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி நெடுஞ்சாலைக்கு வந்தது.

"நல்ல பேரு, இல்ல?" என்றார் அப்பா, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "இத்தன வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. ஒரு தடவ கூப்பிட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பா."