செல்லக்கண்ணு அண்ணனுக்கு மூக்கு திரும்பக் கிடைச்சது

எங்க பெரியம்மா மகன் செல்லக்கண்ணு அண்ணன் அரியலூர்ல சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுது. வயசு முப்பத்திமூணு. ஒட்டின கன்னம், ஒருமுறை ஒடிஞ்சு சேர்ந்த மூக்கு. மேடும் பள்ளமுமா நல்ல முகம். அதைத் தோசையாக்கினது என் போன்.

ஒருநாள் காலைல லாரி முன்னாடி நிக்க வச்சு எடுத்தேன். பாதி முகத்துல வெயில், பாதில நிழல், பின்னாடி பளீர்னு வானம். எச்.டி.ஆர். ஓடிக்கிட்டிருந்துச்சு. அது இருட்டாவும் வெளிச்சமாவும் பல படம் எடுத்து ஒண்ணாக்கும். வானத்தை அடக்கி நிழலைத் தூக்கிவிடும். மூக்கோரம், தாடைக்கடியில எங்கயும் நிழல் இல்லைன்னா மூக்கு எதை வச்சுத் தெரியும்?

அந்தப் படத்தைப் பாத்துட்டு ஆண்டிமடத்துலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. அண்ணன் கையால காபி வாங்கிக் குடிச்சுட்டு, “மாப்பிள்ளை எப்ப வருவாருங்க?”ன்னாங்க.

இப்ப அரும்பாவூர் சம்பந்தம். பொண்ணு பேரு கலையரசி. சாயங்காலத்துக்குள்ள படம் வேணும், பாத்துட்டுத்தான் சேதி சொல்வாங்களாம். அண்ணன் சொல்லிருச்சு: “இந்த வாட்டி நானே தெரியணும்.”

அந்தப் பழைய படத்தையே திருத்திக்கலாம்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோ வச்சிருக்க மணிமொழி அக்காகிட்ட போனோம். கூடவே மருதாயி பெரியம்மா.

“இருட்டும் வெளிச்சமும் தனித்தனியா தெரியட்டும், கான்ட்ராஸ்ட்டை முழுசா ஏத்து அக்கா”ன்னேன். ஏத்திக் காட்டுச்சு. அண்ணன் அடுப்புக்கரியில வரைஞ்ச ஆளாயிருச்சு.

“மொத்தமா ஏத்துனா லாரி டயருக்கும் சேர்த்துதான்டா ஏறும்”னு திட்டிட்டு, முகத்தை மட்டும் பிரிச்செடுத்து, தூக்கிவிட்ட நிழலைக் கொஞ்சம் இறக்குச்சு. அப்புறம் மெல்லிசு பிரஷ்ல வலது கன்னத்தை இருட்டாக்குச்சு. முகம் என்னமோ மாதிரி திருகிக்கிச்சு.

அண்ணன் எட்டிப் பாத்துச்சு. “தங்கச்சி, லாரி நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கு?”

“உங்க இடது பக்கம்.”

“அப்ப வெயிலு வலதுலதானே அடிக்குது?”

நிழல் பாத்தே வண்டி நிறுத்துற ஆளு. அக்கா நாக்கைக் கடிச்சுக்கிட்டு அழிச்சுச்சு. இடது கன்னம், மூக்கோட இடதோரம், தாடைக்கடியில இருட்டு. வலது கன்னத்து எலும்பு மேல, மூக்குத் தண்டு மேல லேசா வெளிச்சம். அண்ணன் மெதுவா படத்துக்குள்ளேர்ந்து எழுந்து வந்துச்சு.

“அய்யோ, கறுத்துப்போயிட்டானே!” பெரியம்மா நெஞ்சுல கை வச்சுச்சு. “அந்த வெள்ளைப் படமே இருக்கட்டும் தாயி.”

“அந்த வெள்ளையன் வேற ஆளும்மா. அவனைக் கட்டிக்கச் சொல்லிட்டு நான் போய்ப் படுக்கிறதா?”

அனுப்பியாச்சு. அரைமணி நேரமா அண்ணன் என் போனையே பாத்துச்சு.

பதில் கலையரசியோடதே: “ஏன் முறைக்கிறாங்க? சிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க.”

மணிமொழி அக்கா அண்ணனை வாசல் ஓரமா, ஒருபக்க வெளிச்சத்துல நிறுத்துச்சு. எச்.டி.ஆரை நான் அணைச்சேன். அண்ணன் பல்லைக் காட்டுச்சு. பல்லு புடுங்க வந்த ஆளு மாதிரி இருந்துச்சு.

“அண்ணே, அவங்க பாத்தது உன்னையேதான்”னேன்.

சிரிச்சிருச்சு. பட்டனை அமுக்கிட்டேன்.