மலையடியில் தனித்தனியாக

கனடாவில், சென்ட் லோரனில் மருந்துப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஜொய்சி இருபது வருடங்களாக வேலை செய்கிறாள். மன்னாரிலிருந்து வந்த புதிதில் தட்டு நகர்த்தினாள். இப்போது ஒரு லைனுக்குப் பொறுப்பு. ஒரு மருந்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் லைனில் பழைய குளிசை ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் மெஷினைத் திரும்ப ஓட விடுவார்கள். "எல்லாம் சரியோ?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் பிரெஞ்சில் 'சவா, சவா', சரி சரி, என்பார்கள் என்பது அவளுக்கு அங்கே விளங்கியது. "உம்மட காலடியில பாத்தனீரோ?" என்று கேட்டால்தான் ஆள் குனிந்து பார்க்கும்.

கத்தோலிக்கக் கோவில் பங்கில் நடைக் குழு தொடங்கியபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. முதலில் நாலைந்து பெண்கள், முழங்கால் நோவுக்கும் பிரஷருக்குமாக ஆற்றங்கரையில் நடந்தார்கள். பிறகு லோரன்ரைட் மலைப் பக்கம் போகத் தொடங்கினார்கள். ஜொய்சி முதலுதவி வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை பார்க்கிற ஜெராட்டும், அவன் மனைவி அக்னெசும் அவளோடு சேர்ந்து குழுவை நடத்தினார்கள். ஞாயிறு பூசை இருப்பதால் நடை எப்போதும் சனிக்கிழமைதான். அதைப் பற்றி ஒருவரும் இரண்டாவது தரம் யோசித்ததில்லை.

இலைகள் சிவக்கிற காலத்தில் அவர்கள் போன நடைக்கு, அக்னெசின் மேல்மாடியில் குடியிருக்கும் சிவராசாவும் அவர் மனைவி சிவமலரும் வந்தார்கள். கோண்டாவில் ஆட்கள். சிவமலருக்கு அறுபத்திரண்டு வயது. மகன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பத்து வருடம் போய்விட்டது. கடைசிப் பேரனும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின்தான் அவருக்குச் சனிக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. வழி முழுக்க வான் வண்டியின் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, "அந்த உச்சிக்கோ ஏறப் போறம்? அந்த உச்சிக்கோ?" என்று ஒவ்வொரு மலையையும் காட்டிக் கேட்டார்.

பூங்காவின் கார் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கியதும் ஜொய்சி அவர்களை அரைவட்டமாக நிற்க வைத்தாள். வெயில் தங்கள் கண்ணில் படாதபடி நிற்கச் சொன்னாள். கண் கூசினால் காது கேளாது என்பது அவள் கட்சி.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ. கொஞ்ச நேரம்தான். போன் வேண்டாம். இண்டைக்கு ஏறுறது நடுத்தரமான மலை. போய்வர நாலு மணித்தியாலம். கடைசித் துண்டு கல்லுப் பாதை, கையும் ஊண்ட வேணும். ஈர இலை விழுந்து கிடக்கு, அதுக்குக் கீழ கல்லோ வேரோ தெரியாது, வழுக்கும். முன்னுக்கு நான், கடைசியில ஜெராட். எனக்கு முன்னால ஒருத்தரும் போகக் கூடாது, ஜெராட்டுக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது. பத்தைக்குள்ள போக வேணுமெண்டா பக்கத்தில நிக்கிற ஆளுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"சொல்லிப்போட்டுப் போனா நானும் வர வேணுமோ?" என்றான் ஜெராட்.

"நீ வாயைப் பொத்திக்கொண்டு நில்." ஜொய்சியின் குரல் உயரவில்லை. "மேல போன் எடுக்காது. தவறினா நிண்ட இடத்திலயே நில்லுங்கோ, மூண்டு தரம் விசில் ஊதுங்கோ. ஒரு மணிக்கு நாங்கள் எங்க நிக்கிறமோ அங்கயிருந்து திரும்புவம், உச்சி தெரிஞ்சாலும். இருட்டுக்கு முன்னம் இஞ்ச வரவேணும். பூங்காச் சட்டம் ஒண்டு இருக்கு: அணிலுக்கோ, பறவைக்கோ, எதுக்கும் சாப்பாடு போடக் கூடாது."

சிவமலர் தோளில் கிடந்த பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இனி முக்கியமான விசயம். ஆரையும் கை குடுத்துத் தூக்கி விட முன்னம் 'பிடிக்கட்டோ?' எண்டு கேட்பம். வேண்டாமெண்டா வேண்டாம். படம் எடுக்கவும் அப்பிடித்தான், கேட்டுத்தான் எடுக்கிறது, போடுறது. நீங்கள் வீட்டில கையெழுத்து வைச்ச தாள் இருக்கு. அது ஏறத்தான் வேணும் எண்ட கட்டாயம் இல்லை. இஞ்ச வைச்சும் வரேல்லை எண்டு சொல்லலாம். பாதி வழியில வைச்சும் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சொன்னா ஒருத்தர் உங்களோட இறங்குவார், தனிய விடமாட்டம். ஏறாத ஆக்களுக்கு வாவியைச் சுத்தி ஒரு நல்ல பாதை இருக்கு. அது தண்டனை இல்லை. அக்னெஸ் கூட்டிக்கொண்டு போவா."

"விளங்கிச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார்கள் எல்லோரும், செபம் முடிகிறபோது ஆமென் சொல்லுகிற தாளத்தில்.

"காலமை சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

அந்த 'ஓம்'களை ஜொய்சி நம்புவதில்லை. எங்கள் சனம் சபையில் 'இல்லை' சொல்லாது. அதனால் ஒவ்வொருவராக வானுக்குப் பின்னால் கூப்பிடுவாள். வருத்தம் என்ன, மருந்து எந்தப் பையில் இருக்கிறது, வர மெய்யாகவே விருப்பமா என்று மற்றவர்களின் காதில் விழாமல் கேட்பாள். கோவிலில் சாமியாரிடம் தனியே பாவத்தைச் சொல்லுகிற மாதிரி என்பதால், குழுவில் இதற்குப் பெயர் பாவசங்கீர்த்தனம்.

"சாமியார் ஜொய்சி இருந்திட்டார்," என்றான் ஜெராட். "சாவான பாவமெண்டா கடைசியா வாங்கோ, நேரம் எடுக்கும்."

சிவமலரின் முறை வந்தபோது சிவராசாவும் கூடவே வந்தார்.

"அவாவுக்குச் சீனி வருத்தம், தங்கச்சி. குளிசை போட்டிட்டா. கட்டுப்பாட்டில இருக்கு. வாறா, ஏறுவா," என்றார் அவர்.

"அண்ணை, உங்களை அடுத்ததாக் கூப்பிடுறன். இது அக்கான்ர முறை."

"நாங்கள் ஒண்டுதானே, பிள்ளை."

"மலையில ரெண்டு சோடிக் காலெல்லோ, அண்ணை."

அவர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

ஜொய்சி சிவமலரைப் பார்த்தாள். வெயிலில்லாத இடத்தில் நின்றும் அவருடைய மேலுதட்டில் வியர்வை. பையின் பிடியைப் பிசைந்துகொண்டிருந்த விரல்களில் ஒரு நடுக்கம்.

"அக்கா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சாப்பிட்டனான்."

"என்ன?"

சிவமலர் கணவனின் பக்கம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். "புரட்டாதிச் சனி, பிள்ளை. காகத்துக்கு வைச்சுப்போட்டுத்தான் வாயில வைப்பன். மேல கட்டாயம் காகம் இருக்குமெண்டு சோறும் எள்ளும் கொண்டந்தனான். அங்க வைச்சிட்டுச் சாப்பிடலாமெண்டு... நீர் இப்ப சாப்பாடு போடக் கூடாது எண்டுறீர்."

"குளிசை போட்டனீங்களோ?"

"அது வழமைபோலப் போட்டிட்டன். மருந்துதானே, விரதத்தில சேராது."

வெறுவயிற்றில் அந்தக் குளிசை சீனியை விழுத்திவிடும் என்பது ஜொய்சிக்குத் தெரியும். சீனி குத்திப் பார்க்கிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டாள். பையில் இருந்தது, சோற்றுப் பெட்டிக்குக் கீழே. வானின் படியில் இருத்திக் குத்திப் பார்த்தார்கள். கனடாக் கணக்கில் மூன்று தசம் ஏழு. நாலுக்குக் கீழே போனால் குறைவு என்பது சிவமலருக்கும் தெரியும்.

"தோடம்பழச்சாறு இருக்கு. இப்பவே குடிக்க வேணும், அக்கா. இன்னும் இறங்கினா நினைவு தப்பும்."

"விரதம் முறிஞ்சு போகுமே."

"குளிசை மருந்தெண்டா இதுவும் மருந்துதான். குளிசை கீழ இழுக்குது, இது மேல தூக்குது."

சிவமலர் கொஞ்சம் யோசித்தார். "குடுங்கோ," என்றார். சாற்றுப் பெட்டியில் குழாயை அவரே குத்தினார்.

சிவராசா ஓடி வந்துவிட்டார். "என்னப்பா, நீர் சாப்பிட்டிட்டன் எண்டெல்லோ சொன்னனீர்?"

"நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் தலையாட்டினனான்."

கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பக் குத்தினார்கள். ஐந்துக்கு மேலே வந்திருந்தது. ஜொய்சி தாதிமாரிடம் ஆலோசனை கேட்கிற 811 இலக்கத்துக்கு அடித்து, குளிசையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இந்தக் குளிசை பகல் முழுக்க வேலை செய்யும், இப்போது வடிவாகச் சாப்பிட வேண்டும், இடைக்கிடை பார்க்க வேண்டும், இன்றைக்குப் பெரிய ஏற்றம் வேண்டாம் என்று தாதி சொன்னாள்.

ஜொய்சி போனை வைத்துவிட்டு அதை அப்படியே தமிழில் சொன்னாள். "என்னால இண்டைக்கு உங்களை மேல கூட்டிக்கொண்டு போக ஏலாது, அக்கா. நீங்கள் ஓமெண்டாலும் நான் ஓமெண்டில்லை. ஆனா வாவிப் பாதையோ, வீட்டையோ, அது உங்கட விருப்பம்."

சிவமலர் மலையைப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளுமாக அது நேரே முன்னால் நின்றது. கண் நிறைந்தது, வழியவில்லை.

"பத்து வருசமாப் பிள்ளையளைத் தூக்கி ஏணிப்படி ஏறினன். ஒரு மலை ஏறக் குடுத்து வைக்கேல்லை," என்றார். பிறகு, "வாவியைச் சுத்துவம்," என்றார்.

"அப்ப நானும் நிக்கிறன்," என்றார் சிவராசா.

"நீங்கள் போங்கோ. ஏறுறார் எண்டு எழுது பிள்ளை, அவருக்கும் சேத்து நான் ஓம் சொல்லுறன்," என்றார் சிவமலர்.

"அது செல்லாது, அக்கா," என்றாள் ஜொய்சி. சிவராசாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். வலது முழங்கால் மூன்று மாதமாக வீக்கம் என்றும், மனிசிக்கு ஆசையென்றபடியால்தான் வந்தது என்றும் சொன்னார்.

ஜெராட்டை முன்னாலும் அக்னெசைக் கடைசியிலும் விட்டு ஜொய்சி மற்றவர்களை மலைக்கு அனுப்பினாள். "பாவமன்னிப்புக் கிடைக்காத ஆக்கள் எல்லாம் சாமியாரோட நில்லுங்கோ," என்று சொல்லிக்கொண்டே ஜெராட் போனான்.

பூங்கா வாசலுக்கு வெளியே சந்தியில் ஒரு டெப்பனர், சின்னப் பலசரக்குக் கடை, இருந்தது. அதன் பின்பக்கக் குப்பைப் பெட்டியில் கறுத்த பெரிய காகங்கள் இரண்டு. கடைக்காரனிடம் காகத்துக்குச் சோறு வைக்கலாமோ என்று ஜொய்சி பிரெஞ்சில் கேட்க, அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவுக்குள் போனான். சிவமலர் எள்ளுச்சோற்றை வாழையிலை இல்லாத குறைக்கு ஒரு கடதாசித் தட்டில் வைத்துக் கும்பிட்டார். காகம் ஒன்று தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, வந்து கொத்தியது.

"கனடாக் காகமெண்டாலும் நாள் பாத்து வைச்சிருக்கு," என்றார் சிவராசா.

வானின் படியில் இருந்து மூன்று பேரும் கத்தரிக்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டார்கள். பின்னேரம் வாவியைச் சுற்றி நடந்தார்கள். நடுவில் ஒருமுறை குத்திப் பார்த்தார்கள். பாதி வழியில் மரப்பாலம் ஒன்று வந்தது. ஜொய்சி கையை நீட்டி, "பிடிக்கட்டோ?" என்றாள். "வேண்டாம்," என்றார் சிவமலர். அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்ததில் அவருக்கே ஒரு சந்தோசம்.

வீடு திரும்புகிற வழியில் ஜொய்சி அதிகம் கதைக்கவில்லை. "காலமை சாப்பிட்டீங்களோ?" என்பதும் இன்னொரு 'சவா' தான் என்று அவளுக்குப் பட்டது. சனிக்கிழமை என்று பிடித்ததும் அவர்கள்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மீனும் மரக்கறியும் பார்த்துப் பொதி கட்டுகிற குழுவுக்கு, இன்னொருவருக்குச் சனி என்று ஒன்று இருக்கும் என்பது தோன்றவேயில்லை.

நன்றியறிதல் நாள் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு லீவு. அடுத்த நடையை அதற்கு வைத்தார்கள். இலை பாதிக்கு மேல் கொட்டியிருந்தது. அரைவட்டத்தில் நின்றவர்களிடம் ஜொய்சி, "இண்டைக்கு விரதம் ஆர்? காலமை என்ன சாப்பிட்டனீங்கள், எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு வானுக்குப் பின்னால் போனாள்.

சிவமலர் இந்தமுறை தனியாக வந்தார். சிவராசா வீட்டில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மூண்டு இடியப்பம், சொதி, ஏழு மணிக்கு. குளிசை டொக்டர் சொன்னபடி. சாறு இந்தப் பக்கப் பொக்கெற்றில, மெஷின் மற்றப் பொக்கெற்றில. இப்பதான் குத்தினனான், எட்டுத் தசம் ரெண்டு," என்றார் கேட்க முன்னமே.

"வர விருப்பமோ, அக்கா?"

"ஓம்," என்றார் சிவமலர். "ஏலாட்டிச் சொல்லுவன்."

ஜொய்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.