வீடியோவில் விடுபட்ட வரி

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. மனு, வாக்குமூலம், வாடகைப் பத்திரம் எல்லாம் அடிப்பேன். ஒரு நுகர்வோர் சங்கத்திலும் உறுப்பினர். பழுதான பொருளைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது என்று படிப்படியாக ஒரு வீடியோ போடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, "நீங்களே பேசுங்க, உங்க குரல் நிதானமா இருக்கு" என்றார்கள். வீட்டில் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்புப் பக்கத்தில் நிற்கப் பொறுமை இல்லாதவள் நான். பஸ் வர ஐந்து நிமிஷம் லேட்டானால் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுத்தோம். மேஜை மேல் வீட்டு மிக்ஸி, பக்கத்தில் அதன் பில், கேரண்டி கார்டு. அவர் போனைப் பிடித்துக்கொண்டார், நான் பேசினேன். பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். கடைசியாக, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்லை. பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பொருளை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள்.

பதினோரு தடவை எடுத்தோம். ஒரு தடவை நான் உளறினேன், ஒரு தடவை யாரோ ஷட்டரைத் தட்டி "ஜெராக்ஸ் உண்டா?" என்று கேட்டார்கள். எப்படா முடியும் என்று இருந்தது எனக்கு. அவர் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்ததைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஓடுது இல்ல? போட்டுடுங்க" என்றேன்.

சில மாதம் கழித்து, மனு அடிக்கக் கொடுத்தவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அக்கா நான் சிதம்பரம் கீழவீதி பக்கம் இட்லி மாவு அரச்சி விக்கறேன். கிரைண்டர்ல மாவுக்குள்ள கிரீஸ் எறங்குது. கடைல கேட்டா நீ வியாபாரத்துக்கு வாங்குன, உனக்குச் சட்டம் கிடையாதுன்றாங்க. நீங்களும் அப்படித்தான சொல்றீங்க?"

அவள் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குக் கீழே முகம் தெரியாத ஒருவர் பதில் சொல்லியிருந்தார்: "ஆமாம், கிடைக்காது. வீடியோவ ஒழுங்கா பாருங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று வீடியோவை ஓடவிட்டேன். என் குரல் சாந்தமாகச் சொன்னது: "வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது." அவ்வளவுதான். உடனே அடுத்த படிக்குப் போய்விட்டது. அதற்கடுத்து நான் பேசிய வரி எங்கே? "ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர், தானே பயன்படுத்துவதற்கு வாங்கியிருந்தால், அவரும் நுகர்வோர்தான்." அதைக் காணோம்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அந்த இடத்துல ஒரு லாரி ஹாரன் அடிச்சான்மா. காது கிழிஞ்சுது. ஒரு வரிதானேன்னு வெட்டிட்டேன்" என்றார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. பார்க்காமலே போடச் சொன்னது நான்.

அன்றைக்கே வீடியோவின் தலைப்பில் திருத்தம் எழுதினேன். இரண்டு நாளில் விட்டுப்போன வரியைச் சேர்த்துப் புதிதாகவும் போட்டோம். அவளுக்குப் பதில் எழுதி என் போன் நம்பரையும் தந்தேன். போன் வரவில்லை. மனு அடிக்கும்போதெல்லாம் விரல் நின்று நின்று போனது. ஒரு பத்திரத்தில் கிழக்கு எல்லையை மேற்கு என்று அடித்துவிட்டேன், அது நோட்டரி வரை போய்த் திரும்பி வந்தது. நாலாவது நாள் கடையைப் பூட்டிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

முதுநகரில் கொஞ்ச நேரம், குடிகாட்டில் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஏறக் கொஞ்ச நேரம் என்று பஸ் நின்று நின்று போனது. யாரென்றே தெரியாதவளைத் தேடிப் போய் என்னவென்று சொல்லப்போகிறேன்? இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

கீழவீதியில் ஒரு மளிகைக் கடையில் கேட்டேன். "மாவு விக்கறவங்க மூணு பேரு இருக்காங்க. கிரைண்டர் தகராறா? அப்ப அந்த மூணாவது சந்துதான்" என்றார்கள்.

சந்தில் அவள் வீட்டு வாசலிலேயே கிரைண்டர் நின்றிருந்தது. பத்து லிட்டர், சாய்த்து மாவைக் கொட்டுகிற டில்டிங் கிரைண்டர். கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் உளுந்து ஊறிய ஈரம். நான் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அந்த வீடியோ அக்காதான?"

"ஆமாம்மா. அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. அதான் வந்தேன்."

விட்டுப்போன வரியைச் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

"இப்ப வந்து சொல்றீங்களேக்கா. கடைலேர்ந்து டெம்போ வருது. இத எடுத்துக்குனு, மேல கொஞ்சம் பணம் போட்டா வேற மிஷின் தராங்களாம். ஒரு பேப்பர்ல கையெழுத்து போடணும்."

அந்தப் பேப்பர் அவளிடமே இருந்தது. பழைய மிஷின் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை, இனியும் சொல்ல மாட்டேன் என்று அச்சடித்திருந்தது. மிஷினும் போய், கையெழுத்தும் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

"கையெழுத்து போடாதம்மா. மிஷினையும் குடுக்காத. அதுதான் உன் சாட்சி" என்றேன்.

"நாளைக்கு மாவுக்கு என்னா பண்றது? நீங்க வந்து அரைப்பீங்களா?"

நியாயமான கேள்வி. சந்து முனையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தோம்.

"கேஸ் போட்டா கண்டிப்பா ஜெயிக்குமா?"

"கண்டிப்பான்னு சொல்ல முடியாது. போடறதுக்கு உனக்கு உரிமை இருக்கு. அத மட்டும் சொல்லலாம்."

அவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொட்டினாள். பில் இருந்தது. கேரண்டிக்குள்ளேயே மெக்கானிக் இரண்டு தடவை வந்து போன சர்வீஸ் சீட்டு இருந்தது. இரண்டிலும் ஒரே வாசகம்: "சீல் மாற்றப்பட்டது, கிரீஸ் கசிவு." போனில் வெள்ளை மாவு நடுவே கறுப்பாகக் கோடு ஓடுகிற வீடியோ இருந்தது. எல்லாம் தேதியோடு.

"இவ்ளோ வெச்சிக்குனா சட்டம் இல்லன்னு நெனச்ச?"

"நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவருக்குள் திரும்பப் போட்டாள். அப்புறம் அவளே போனை எடுத்துக் கடைக்குப் பேசினாள். "வண்டி அனுப்பாதீங்க. நான் குடுக்கல." அந்தப் பக்கம் சத்தமாக ஏதோ சொன்னார்கள். "எது பேசறதா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வீடியோவில் நான் சொன்ன வார்த்தை அது. டெம்போ வரவில்லை. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு கிரைண்டர் பிடித்துக்கொண்டாள்.

முதல் தடவை கறை தெரிந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு வருஷம் முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. கடைக்கும் கம்பெனிக்கும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒப்புகை அட்டையோடு நோட்டீஸ் அனுப்பினோம். அந்தப் பதினைந்து நாளும் நான் தினம் காலையில் அவளுக்குப் போன் செய்தேன். "அட்டை வந்துச்சா? பதில் வந்துச்சா?" ஒரு நாள் அவளே, "அக்கா, மாவு அரைக்க விடுங்க" என்றாள். கடையிலிருந்து அட்டை மட்டும் வந்தது. கம்பெனியிலிருந்து "கேரண்டி முடிந்துவிட்டது" என்று ஒரு வரியில் பதில்.

மனுவை என் கடையில்தான் அடித்தோம். சம்பவங்களைத் தேதி வரிசையில் போட்டோம். முதல் பத்தியிலேயே, இது என் பிழைப்புக்கான சுயதொழில், மிஷினை நானே ஓட்டுகிறேன், சம்பள ஆள் வைக்கவில்லை என்று எழுதினோம். பிரமாண வாக்குமூலம், ஆவணப் பட்டியல், நகல்கள். கிரைண்டர் விலைக்கு மனுக் கட்டணம் எதுவும் கிடையாது. கெடு முடிய இன்னும் நாள் இருக்கும்போதே தாக்கல் செய்துவிட்டோம். அன்று ராத்திரிதான் நான் சரியாகத் தூங்கினேன்.

ஆணையம் மனுவை ஏற்றுக் கடைக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி வக்கீல் எதிர்பார்த்ததையே சொன்னார்: மனுதாரர் வியாபாரி, நுகர்வோர் இல்லை. அவள் எழுந்து நின்றாள். நான் பின்னால் உட்கார்ந்து சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"வேலைக்கு எத்தனை பேரை வெச்சிருக்கீங்க?" என்று ஆணையத் தலைவர் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. காலைல நாலு மணிக்கு எழுந்து நானே அரைக்கறேன், நானே அளந்து குடுக்கறேன். அதுலதான் சாப்புடறோம்."

தலைவர் குனிந்து எழுதிக்கொண்டார். அதற்கடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு வாய்ப்பு உண்டா என்று இரு தரப்பையும் கேட்டார்கள். கம்பெனிக்காரர் சர்வீஸ் சீட்டு இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். அப்புறம் மத்தியஸ்தத்தில் முடிந்தது. பழையதை எடுத்துக்கொண்டு புது மிஷின், அவள் கையிலிருந்து எதுவும் போடாமல், புதிதாகக் கேரண்டியோடு. ஆணையத்தில் பதிவு செய்து உத்தரவாகக் கொடுத்தார்கள். நின்றுபோன வாடிக்கைக்கு அவள் கேட்ட நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அதில் மனசு ஆறவில்லை, இன்னும் போராடலாம் என்றேன். "போதும்க்கா. எனக்கு மிஷின்தான் வேணும். கையெழுத்து போடறது நான்தான?" என்றாள்.

புது மிஷின் வந்த அன்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். முதல் ஈடு ஓடி முடிந்ததும் மாவை வழித்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைக் கல்லுக்கு அடியில் விட்டுச் சுற்றித் துடைத்தாள். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். வெறும் மாவுதான்.

"இன்னொரு ஈடு பார்க்கலாம், இருங்க" என்று சொல்லி, ஊறிய அரிசியை அள்ளிப் போட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று எனக்குப் பரபரப்பு. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.